மவுஸ் வைத்தால் மட்டும் தெரிந்த வரி

நர்சிங் பள்ளிச் சேர்க்கைப் பட்டியல் வெளியான திங்கட்கிழமை, பதினோரு மணிக்குள் எங்கள் அலுவலகத்துக்கு முப்பத்தொரு அழைப்புகள் வந்துவிட்டன. திருப்பதியில் பைபாஸ் சாலை ஓரத்து மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து வெப்சைட் செய்து தரும் இடம் அது. தமிழில் பேசுகிறவர்களின் அழைப்பை என்னிடம் தள்ளிவிடுவார்கள். நான் புத்தூர்க்காரி, வீட்டில் தமிழ்தான். எனக்கு ஃபோனில் பேசுவது பிடிக்காது. எதிரில் ஆள் இருந்தாலும் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு எடுத்துத்தான் ஆகவேண்டும்.

சித்தூரில் ஒரு அறக்கட்டளை மூன்று நர்சிங் பள்ளிகளை நடத்துகிறது. திருப்பதியில் ஒன்று, சித்தூரில் ஒன்று, மதனப்பள்ளியில் ஒன்று. தறி ஓட்டுகிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அங்கே படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பள்ளிக்கு நாற்பது இடம். இந்த வருடம் முதல் முறையாக விண்ணப்பத்தை ஆன்லைனில் வாங்கினார்கள். அந்தப் பக்கத்தைச் செய்தது நான்.

பன்னிரண்டாவது அழைப்போ பதின்மூன்றாவதோ கலைவாணியுடையது. நகரியிலிருந்து பேசினாள். இன்டரில், அதாவது பன்னிரண்டாவதில், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. பட்டியலில் பெயர் இல்லை. அவளோடு படித்த ஒருத்திக்குத் தொள்ளாயிரத்துப் பத்துதான், சித்தூரில் இடம் கிடைத்திருக்கிறது. தனக்கு ஏன் இல்லை என்று கேட்டாள். அழவில்லை. கணக்குப் பாடத்தில் விடை ஒத்துவராதபோது கேட்பது போலக் கேட்டாள்.

அவளுடைய விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் விருப்பம் திருப்பதி. அங்கே கடைசியாக உள்ளே போன மதிப்பெண் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. ஐந்து மதிப்பெண்ணில் போய்விட்டது. இரண்டாம் விருப்பம் காலி.

இரண்டாம் விருப்பத்தைக் காலியாக விட்டதால்தான் சித்தூருக்கு அவளைக் கணக்கில் எடுக்கவில்லை என்றேன். காலியாக விட்டால் வேறு எங்கும் சேர்க்கமாட்டோம் என்று அங்கேயே எழுதியிருக்கிறதே என்றும் சொன்னேன். கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்ல அறக்கட்டளை எழுதிக் கொடுத்திருந்த பதில்களில் அது நான்காவது.

“எங்கக்கா எழுதியிருக்குது?”

இரண்டாம் விருப்பம் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ‘ஐ’ இருக்கும், அதன்மேல் வைத்தால் தெரியும் என்றேன்.

“‘வெச்சா’ன்னா, இன்னாத்த வெக்கிறது? நான் ஃபோன்ல தான அக்கா போட்டேன்.”

நான் படிவத்தைத் திறந்தேன்.

“அந்த வட்டத்த நான் அமுத்துனேன்கா. நாலு வாட்டி அமுத்துனேன். ஒண்ணும் வரல. சும்மா அழகுக்கு வெச்சிருக்காங்கன்னு வுட்டுட்டேன்.”

பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும்.

அந்த வட்டத்தை நான் செய்த விதம் இதுதான். பக்கம் கிராமத்து நெட்வொர்க்கிலும் சட்டென்று திறக்கவேண்டும், அழகுக்காக ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சேர்க்காதே என்று நரசிம்மன் சார் சொல்லியிருந்தார். அவர்தான் எங்கள் முதலாளி. அதனால் டூல்டிப்பை, அதாவது அம்பு வைத்தால் தோன்றும் குறிப்பை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வெறும் சிஎஸ்எஸ்ஸில் எழுதினேன். ஒரு சின்ன ஸ்பேன், அதாவது வரிக்குள் ஒரு துண்டு எழுத்து, அதற்குள் ‘ஐ’. சொல்லவேண்டிய வாக்கியத்தை அந்த ஸ்பேனின் ஒரு பண்பாகப் போட்டுவைத்தேன். மவுஸ் அம்பு மேலே வந்தால் அந்த வாக்கியம் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் தோன்றும். அம்பு நகர்ந்தால் மறையும். பதினோரு வரி. பக்கத்து மேஜை யஸ்வந்த் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஃபோனில் அம்பு கிடையாது. ஆனாலும் விரலால் தொட்டால் பிரவுசர் பல சமயம் அதை மவுஸ் வந்தது போலவே எடுத்துக்கொள்ளும். யஸ்வந்த் தன் ஃபோனில் தொட்டபோது பெட்டி வந்தது. வந்தது போகவில்லை. அம்பு இருந்தால்தானே நகரும். கீழே இருந்த கட்டத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றது. அவன் அதை ஒரு பிழையாகப் பதிவு செய்தான். நான் சிஎஸ்எஸ்ஸில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். மவுஸ் வைக்க முடிகிற கருவியாக இருந்தால் மட்டும் இந்த விதி செல்லும் என்று. ஃபோனில் பெட்டி நிற்பது போனது. பெட்டியே போனது. ஃபோனுக்கு வேறு வழி செய்யவேண்டும் என்று ஒரு தாளில் குறித்துவைத்தேன். யஸ்வந்த் பிழை தீர்ந்தது என்று மூடினான். அடுத்த வாரம் புகைப்படம் ஏற்றுவதில் சிக்கல் வந்தது. நான் அந்தத் தாளை மறுபடி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சோதித்ததெல்லாம் லேப்டாப்பில். பிரவுசரின் அகலத்தை ஃபோன் அளவுக்குக் குறுக்கிப் பார்த்தேன். என் கையில் மவுஸ் இருந்தது. வைத்தால் பெட்டி வந்தது.

பெட்டிக்குள் இருந்த வாக்கியம், நாகபூஷணம் சார் அவரே எழுதிக் கொடுத்தது. அவர்தான் அறக்கட்டளையின் சேர்க்கை அதிகாரி. எங்கள் பக்கத்து ஜனங்கள் இரண்டாவது ஒன்றை எழுதினால் அதையே தலையில் கட்டிவிடுவார்கள் என்று நினைத்துக் காலியாக விடுவார்கள், அதனால் இதைக் கட்டாயம் போடுங்கள் என்று சொல்லியிருந்தார். இரண்டாம் விருப்பம் எழுதுவதால் முதல் விருப்பம் பாதிக்காது. காலியாக விட்டால் வேறு பள்ளிக்குப் பரிசீலிக்கமாட்டோம். பிறகு மாற்ற முடியாது. மூன்று வாக்கியம், தெலுங்கிலும் தமிழிலும். கட்டத்துக்கு மேலேயே எழுதினால் படிவம் நீளமாகிறது என்று நான்தான் அதை வட்டத்துக்குள் போட்டேன்.

மதியம் சாப்பிடாமல் விண்ணப்பங்களை எண்ணினேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் விருப்பம் காலியாக இருந்தவை தொண்ணூற்றாறு. அதில் எழுபத்தெட்டு ஃபோனிலிருந்து வந்தவை. அந்தத் தொண்ணூற்றாறில் சித்தூரின் கடைசி மதிப்பெண்ணான தொள்ளாயிரத்து இரண்டுக்கு மேல் எடுத்தும் எங்கும் இடமில்லாமல் போனவர்கள் ஒன்பது பேர். கலைவாணி அந்த ஒன்பதில் முதல் பெயர்.

எனக்குப் புரியாதது மிச்சம் பதினெட்டு. அவை கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை. அங்கே மவுஸ் இருக்கும். பதினெட்டில் பதினான்கு ஒரே இணைய இணைப்பிலிருந்து வந்திருந்தன. கலைவாணியுடையது ஃபோனில் தொடங்கி, அதே இணைப்பிலிருந்து முடிக்கப்பட்டிருந்தது.

கூப்பிட்டுக் கேட்டேன். ஃபோட்டோ அளவு ஒத்துவராததால் மிச்சத்தை முடிக்க நகரியில் செல்வி அக்காவின் நெட் சென்டருக்குப் போனதாகச் சொன்னாள். இடம் கிடைத்தவர்கள் வியாழன் மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துச் சேர்ந்துவிடவேண்டும். அதற்குள் ஏதாவது நடக்குமா என்று கேட்டாள். முயற்சி செய்கிறேன் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ரயிலேறி, நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் இறங்கினேன். நெட் சென்டர் தெருவுக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் பவர்லூம் சத்தம். செல்விக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் முன்னால் ஒரு கத்தை விண்ணப்பத் தாள்கள். ஆதார், ரேஷன், வருமானச் சான்று. எதிரில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

நான் சொன்னதும் எங்கள் பக்கத்தைத் திறந்து காட்டினார். பெயர், டேப். பிறந்த தேதி, டேப். மதிப்பெண், டேப். கீழ் அம்புக்குறியை இரண்டு முறை தட்டி முதல் விருப்பம், டேப். அடுத்து நேராக இரண்டாம் விருப்பத்தின் கட்டம். வட்டம் நடுவில் இருந்தது. டேப் அதில் நிற்கவில்லை. லிங்க், பட்டன், எழுதும் கட்டம் இவற்றில்தான் டேப் தானாக நிற்கும். நான் போட்டது வெறும் ஸ்பேன். அதற்கு ஒரு பண்பு சேர்த்தால் நிற்கும். நான் சேர்க்கவில்லை.

மவுஸ் எங்கே என்று கேட்டேன். ரேஷன் தாள்களுக்கு அடியில் ஒயர் மட்டும் தெரிந்தது.

“இத்த யாரு எடுப்பா? கை கீபோர்டுல ஓடிக்கினு இருக்க சொல்லோ மவுஸ புடிச்சா ஒரு அப்ளிகேசனுக்கு ரெண்டு நிமிசம் பூடும். ஒரு நாளைக்கு நாப்பது பேர் வர்றாங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு கேட்டுச்சு. இது இன்னாக்கா வட்டம்னு கேட்டுச்சு. நாந்தான் சொன்னேன், டேப் அங்க நிக்கல, நிக்கலன்னா பூர்த்தி பண்ற எடம் இல்லன்னு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. பதினைந்து வருடமாக எல்லா அரசுப் படிவத்தையும் அவர் அப்படித்தான் நிரப்புகிறார். டேப் நிற்கும் இடமெல்லாம் கேள்வி.

செல்வி ஆள் அனுப்பிக் கலைவாணியைக் கூப்பிட்டார். அவள் அப்பா முனிகிருஷ்ணனோடு வந்தாள். மெலிந்த பெண். துப்பட்டாவில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. அவர் என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பின்னால் நகர்ந்தேன்.

“பன்னெண்டாவுது வரிக்கும் படிக்க வெச்சேம்மா. அஞ்சாவுது படிச்ச பசங்களுக்குத் தெரியுது, இதுக்கு ஒரு பாரம் பூர்த்தி பண்ணத் தெரில. அவ ஆயா அப்பவே சொல்லுச்சு, பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குன்னு.”

கலைவாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமையிலிருந்து அவர் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அடுத்த வாரம் சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், வேன் வீட்டு வாசலுக்கே வரும், சீட்டு இல்லையென்றால் அனுப்பிவிடுவேன் என்றார். நாளைக்குச் சித்தூரில் பேசுகிறோம் என்று சொன்னேன். அவள் தப்பு இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. யாராவது முதலில் ஒத்துக்கொள்ளட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

நரசிம்மன் சாருக்குத் திங்கட்கிழமையே எண்களை எல்லாம் மெயிலில் அனுப்பியிருந்தேன். அவர் திட்டவில்லை. அன்று காலை ரயிலில் இருந்தபோதே கூப்பிட்டு மெதுவாகப் பேசியிருந்தார்.

“யாமினி, இத்த எழுத்துல யாருக்கும் அனுப்பாத. நாளைக்கு சித்தூருக்கு நீயும் வா. லேப்டாப் எடுத்துக்கினு வா. பேசறத நான் பேசிக்கிறேன்.”

புதன்கிழமை காலை அவருடைய காரில் போனோம். புத்தலப்பட்டு தாண்டும்வரை அவர் வேறு வேலைகளைப் பற்றிப் பேசினார். பிறகு, விதிமுறை வெப்சைட்டில் இருந்தது, நாம் மறைக்கவில்லை, அதை மட்டும் காட்டினால் போதும் என்றார். நான் தலையாட்டினேன்.

அறக்கட்டளை அலுவலகத்தின் வராந்தாவில் சேர வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தகரப் பெட்டி, பிளாஸ்டிக் வாளி, புதுப் பாய். ஓர் அப்பா மகளின் சான்றிதழ்களை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். அவர்களைத் தாண்டி உள்ளே போனோம்.

நாகபூஷணம் சாருக்கு அறுபது வயது இருக்கும். அவருக்கும் நிறைய அழைப்புகள் வந்திருந்தன. பேச்சு தெலுங்கில் நடந்தது. நரசிம்மன் சார் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, மவுஸை வட்டத்தின் மேல் வைத்தார். பெட்டி அழகாக வந்தது. மூன்று வாக்கியமும் தெளிவாகத் தெரிந்தன. நீங்கள் கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் போட்டிருக்கிறோம், படிக்காமல் விட்டவர்களுக்கு நாம் என்ன செய்யமுடியும் என்றார். நாகபூஷணம் சார் படித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சரிதான், இருக்கிறதே என்றார். முன்னாலிருந்த சேர்க்கைக் கோப்பை மூடப் போனார்.

கூட்டத்தில் நான் பேசியதே இல்லை. கல்லூரியில் கெமிஸ்ட்ரி செமினாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்தவள். அன்றைக்கும் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், நான் லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்தால் போதும் என்று இருந்தது. கோப்பின் மேல் பக்கத்தில் மதிப்பெண் பட்டியல் இருந்தது, அதில் கலைவாணியின் பெயர் இல்லை.

“சார், உங்க ஃபோன்ல தொறந்து பாருங்க.” தெலுங்கில் ஆரம்பித்து, நடுவில் தமிழில் விழுந்தேன்.

நரசிம்மன் சார் என்னைப் பார்த்தார். நாகபூஷணம் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனில் பக்கத்தைத் திறந்தார். அவரே எழுதிய வரியை அவரே தேடினார். வட்டத்தைத் தொட்டார். அழுத்திப் பிடித்தார். பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நான் லேப்டாப்பிலிருந்து மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப்பை மட்டும் தட்டிக் காட்டினேன். முதல் விருப்பத்திலிருந்து இரண்டாம் விருப்பத்துக்கு அது தாவியது. பார்வை இல்லாதவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் இந்த வரியைப் படிக்கும் என்று சொல்லமுடியாது, அந்தக் கட்டத்தோடு அது இணைக்கப்படவே இல்லை என்றேன். எண்களைச் சொன்னேன். தொண்ணூற்றாறு. ஒன்பது. ஃபோனில் வராதபடி நிபந்தனை போட்டது நான் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னோடு தமிழிலேயே பேசினார்.

“நூத்தி இருவது சீட்டும் ஃபுல்மா. நர்சிங் கவுன்சில் குடுத்த நம்பர் அது. ஒண்ணு கூட ஏத்த முடியாது. கேட்டுப் பாத்திருக்கேன், போன வருசம்.”

அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

“ஒம்போது பேர உள்ள எடுக்கணும்னா ஒம்போது பேர வெளிய அனுப்பணும். அவங்க சரியாத்தான் பூர்த்தி பண்ணாங்க. சேர வந்துட்டாங்க.” எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வராந்தா தெரிந்தது. “அந்தப் பச்ச தாவணி, பிரமிளா. ஏர்பேடுதான் ஊரு. தொள்ளாயிரத்து ரெண்டு. சித்தூர் லிஸ்ட்டுல கடைசி அதான். உங்க நகரிப் பொண்ணு உள்ள வரணும்னா அது போவணும். நீ போய்ச் சொல்றியா?”

சான்றிதழ்களை எண்ணிக்கொண்டிருந்தவர்தான் அவளுடைய அப்பா. இப்போது எண்ணி முடித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாளியைக் காலுக்கு நடுவில் வைத்திருந்தாள். அவள் எதில் பூர்த்தி செய்தாள் என்று எனக்குத் தெரியாது. யார் வீட்டு லேப்டாப்பிலோ, யாரோ மவுஸை அந்த வட்டத்தின் மேல் தற்செயலாகக் கொண்டுபோயிருக்கலாம். அல்லது வரியைப் பார்க்காமலே இரண்டாவதை எழுதியிருக்கலாம்.

நான் போய்ச் சொல்லவில்லை.

நாகபூஷணம் சார் கதவைச் சாத்தினார். அடுத்த வருடம் இந்த ஒன்பது பேருக்கும் முன்னுரிமை கொடுக்கக் கமிட்டியில் கேட்பதாகச் சொன்னார். கொடுப்பார்களா என்று கேட்டேன். வாக்குக் கொடுக்கமுடியாது என்றார். பக்கத்தை இப்போதே சரி செய்யுங்கள் என்றார். நரசிம்மன் சார் உடனே சரி செய்வோம் என்றார்.

அந்த மேஜையிலேயே உட்கார்ந்து செய்தேன். முதலில் ஸ்பேனைப் பட்டனாக்கி, டேப் நின்றாலும் பெட்டி வரும்படி செய்யலாமா என்று நினைத்தேன். கீபோர்டுக்கு ஆகும். ஆனால் வந்த பெட்டியை எஸ்கேப் விசையைத் தட்டி மூட வெறும் சிஎஸ்எஸ்ஸால் முடியாது. விரலால் தொடுகிறவர்களுக்கு அது எப்போது வரும், எப்போது போகும் என்று அப்போதும் உறுதி இல்லை. வட்டத்தையே எடுத்தேன். மூன்று வாக்கியத்தையும் கட்டத்துக்கு மேலே சாதாரண எழுத்தில் போட்டு, கட்டத்தோடு இணைத்தேன். படிவம் மூன்று வரி நீண்டது. பார்க்க ஒன்றும் அசிங்கமாக இல்லை. விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டதால் அதைப் பார்க்க யாரும் வரப்போவதும் இல்லை.

நாங்கள் கிளம்பும்போது பிரமிளா சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் நரசிம்மன் சார் காரைத் திறக்காமல் நின்றார். நகரிப் பெண் கூப்பிட்டால், மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறது, பதில் வரும் என்று மட்டும் சொல்லச் சொன்னார். நான் நகரிக்கு பஸ்ஸில் போகிறேன் என்றேன். எதற்கு என்றார். சொல்வதற்கு என்றேன். அவர் கொஞ்ச நேரம் சாவியைக் கையில் உருட்டினார். அப்புறம், நாளைக்கு ஆபீஸில் பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு நகரியில் இறங்கினேன். முனிகிருஷ்ணன் வீடு ஒரே நீள அறை. முக்கால்வாசியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் தறியை நிறுத்தினார். காதுக்குள் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. கலைவாணி சமையல் பக்கத்திலிருந்து வந்து சுவரோரம் நின்றாள். அவள் முகத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லமுடியாது.

சீட் கிடைக்காது என்றேன். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, ஒருவரை வெளியேற்றாமல் ஒருவரைச் சேர்க்கமுடியாது. அடுத்த வருடம் முன்னுரிமை கேட்கிறார்கள், ஆனால் அதுவும் நிச்சயம் இல்லை.

முனிகிருஷ்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“அவ தப்பு இல்லீங்க,” என்றேன். “படிக்கவேண்டியது அவ கண்ணுக்கே வரல. அவ ஃபோன்ல அது தெரியாம பண்ணது நான். அந்தப் பக்கத்த எழுதுனது நான்தான்.”

அவருக்கு உடனே புரியவில்லை. நான் என் ஃபோனையும் லேப்டாப்பையும் அவர் முன்னால் வைத்துப் பழைய பக்கத்தின் நகலைத் திறந்து இரண்டிலும் காட்டினேன். ஒன்றில் வரி வந்தது. ஒன்றில் வரவில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். லேப்டாப்பில் வந்த மூன்று வாக்கியத்தையும் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். மவுஸோடு என் கை நகர்ந்தபோது பெட்டி மறைந்தது. மறுபடி வைக்கச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து படித்து முடித்தார்.

“இவ்ளோ தான?” என்றார். “இத்த மேலயே எழுதிட்டிருந்தா ஆச்சே.”

ஆமாம் என்றேன்.

கலைவாணி முதல் முறையாகப் பேசினாள். “நீங்க ஃபோன்ல போட்டுப் பாக்கவே இல்லியா அக்கா?”

“பாத்தோம். பெட்டி வந்து போகாம நின்னுச்சு. அதனால நான் அத எடுத்துட்டேன். வேற ஒண்ணு வெக்கணும்னு நெனச்சேன். வெக்கல.”

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முனிகிருஷ்ணன் தறிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு நூல் அறுந்திருந்தது. அதை முடிந்தார். முடிந்த பிறகும் அங்கேயே நின்றார். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சொன்னதைத் திரும்ப எடுக்கும் வார்த்தை அவரிடம் இல்லை போலிருந்தது. வேன் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வரும் என்று மட்டும் சொன்னார். அதை என்னிடம் சொன்னாரா அவளிடம் சொன்னாரா தெரியவில்லை.

நான் பையை எடுத்தேன். அவர் திரும்பினார்.

“எங்க போற? துன்னுட்டுப் போ. சித்தூர்லேர்ந்து வர்ற.”

வேண்டாம் என்றேன். பசியில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களைச் சோறு போடாமல் அனுப்புகிற பழக்கம் இல்லை என்றார். அதில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. தறிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் பாயை விரித்தார். நான் உட்கார்ந்தேன்.

கலைவாணி தட்டு வைத்தாள். சோறு போட்டாள். கத்தரிக்காய் சாம்பார் ஊற்றினாள். நான் குனிந்து சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் சாம்பார்ப் பாத்திரத்தோடு நின்றுகொண்டே இருந்தாள்.

“அந்தக் கடைசியா உள்ள போனது,” என்றாள், “அது யாரு?”

“ஏர்பேடு பொண்ணு. பிரமிளா.”

“பாத்தீங்களா?”

“வெளிய உக்காந்திருந்தா. அவங்க அப்பா கூட.”

முனிகிருஷ்ணன் தறியை ஓட்ட ஆரம்பித்தார். அறை முழுக்கச் சத்தம் நிரம்பியது. அவள் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டாள். முதல் முறை கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

“அது சேர்ந்துடுச்சா?”

சேர்ந்துவிட்டாள் என்று தலையசைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.